இண்டக்ஷன் அடுப்பும் மின்கட்டணப் படியும்

கேள்வி: எரிவாயுவை விட்டு இண்டக்ஷன் அடுப்புக்கு மாறினால் செலவு குறையுமா? பழைய வயரிங் தாங்குமா? (திருவான்மியூர் வாசகர்)

பதில்: 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதால், 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் செருகினால் அதன் முனைகள் சூடேறிப் பழுப்பாகும். 16 ஆம்பியர் பாயின்ட்டும், மின்பெட்டியிலிருந்து தனியாக இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் தேவை. 14.2 கிலோ சிலிண்டரிலிருந்து பாத்திரத்தைச் சேரும் வெப்பத்தை இண்டக்ஷன் ஏறத்தாழ 130 யூனிட்டில், அதாவது 1,000 வாட் கருவி 130 மணி நேரம் ஓடச் செலவாகும் மின்சாரத்தில், தந்துவிடும். ஆகவே சிலிண்டர் 870 ரூபாய் என்றால், கூடுதல் யூனிட்டின் விலை 6.70 ரூபாய்க்குக் கீழே இருக்கும்வரை இண்டக்ஷனே மலிவு. தமிழகத்தில் இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்கு மேலான யூனிட்டுகள் 8 ரூபாய்க்கு மேல் ஆவதோடு கீழ்ப்படிகளின் சலுகையும் குறைவதால், கோடையில் ஏசி ஓடும் வீட்டில் எரிவாயுவே சிக்கனம்.