ஏழுக்கு ஒன்று

நுழையும்முன்

மணமேல்குடிக் கடற்கரையில் ஒரு கை நீரை அள்ளினால், அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. ஆக்சிஜன் விண்மீன்களின் வயிற்றில் பிறந்தது. ஹைட்ரஜனின் கருவோ எந்த விண்மீனுக்கும் முற்பட்டது. ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், பெருவெடிப்பை அடுத்த கணங்களில் தோன்றியது. அப்போது ஹைட்ரஜனும் ஹீலியமும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் அமைந்தது ஏன் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

முதல் நொடி

பெருவெடிப்புக்குப் பின் ஒரு நொடி ஆனபோது அண்டத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 1000 கோடி கெல்வின். அதற்கு முன்பு வரை புரோட்டான் நியூட்ரானாகவும், நியூட்ரான் புரோட்டானாகவும் ஓயாது மாறிக்கொண்டிருந்தன. எலக்ட்ரான்களும் நியூட்ரினோக்களும் அவற்றின் எதிர்த்துகள்களும் அம்மாற்றத்தை நிகழ்த்தின. நியூட்ரானின் நிறை புரோட்டானின் நிறையைவிடச் சற்றே மிகுதி. ஆதலால் நியூட்ரான் உருவாகக் கூடுதல் ஆற்றல் தேவை. வெப்பம் தணியத் தணிய நியூட்ரான்களின் எண்ணிக்கை குறைந்தது. இவ்விகிதத்தை வெப்பநிலையே முடிவு செய்கிறது என்பதை ஜப்பானிய அறிஞர் சுசிரோ ஹயாஷி 1950இல் எடுத்துக்காட்டினார்.

அண்டம் விரைந்து விரிந்தமையால் துகள்கள் ஒன்றையொன்று சந்திப்பது அரிதாயிற்று. இருவழி மாற்றமும் நின்றது. அந்நிலையில் ஆறு புரோட்டான்களுக்கு ஒரு நியூட்ரான் என்னும் கணக்கு எஞ்சியது.

காத்திருந்த நிமிடங்கள்

ஹீலியம் உருவாக, முதலில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் இணைந்து டியூட்டிரியம் ஆக வேண்டும். ஆனால் டியூட்டிரியத்தின் பிணைப்பு வலுவற்றது. அன்று ஒவ்வொரு புரோட்டானுக்கும் நூறு கோடிக்கு மேற்பட்ட ஒளித்துகள்கள் இருந்தன. அவற்றுள் ஆற்றல் மிக்க சிலவே, தோன்றும் டியூட்டிரியத்தை உடனுக்குடன் உடைக்கப் போதுமானவையாயின.

வெப்பநிலை 100 கோடி கெல்வினுக்குக் கீழ் இறங்க ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் ஆயின. இதற்கிடையே தனித்த நியூட்ரான்கள் சிதைந்து புரோட்டான்களாக மாறின. அவற்றுள் பாதி சிதைய ஏறத்தாழ பத்து நிமிடங்கள் போதும். எனவே காத்திருப்பு முடிந்தபோது, ஏழு புரோட்டான்களுக்கு ஒரு நியூட்ரான் என விகிதம் குறைந்திருந்தது.

கணக்கு

பதினாறு துகள்களை எடுத்துக்கொள்வோம். ஏழுக்கு ஒன்று என்னும் விகிதப்படி அவற்றுள் 14 புரோட்டான்கள், 2 நியூட்ரான்கள். டியூட்டிரியம் நிலைத்ததும் ஏறக்குறைய எல்லா நியூட்ரான்களும் விரைவில் ஹீலியத்துள் சென்றடைந்தன. இரண்டு நியூட்ரான்களும் இரண்டு புரோட்டான்களும் சேர்ந்து ஒரு ஹீலியக் கரு ஆயின. எஞ்சிய 12 புரோட்டான்கள் ஹைட்ரஜன் கருக்களாக நின்றன. பதினாறில் நான்கு பங்கு ஹீலியம். அதாவது நிறையில் 25 விழுக்காடு. எண்ணிக்கையில் பார்த்தால் 12 ஹைட்ரஜனுக்கு ஒரு ஹீலியம்.

காத்திருப்பே இல்லாமல் ஆறுக்கு ஒன்று என்னும் நிலையிலேயே இணைவு தொடங்கியிருந்தால், ஹீலியம் ஏறத்தாழ 29 விழுக்காடாகியிருக்கும்.

ஹீலியத்திற்கு மேல் கட்டுமானம் வளரவில்லை. ஐந்து அல்லது எட்டுத் துகள்கள் கொண்ட நிலைத்த அணுக்கரு இல்லை. படிக்கட்டில் இரு படிகள் பெயர்ந்திருந்ததைப் போன்றது இது. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் வெப்பமும் அடர்த்தியும் குறைந்து எல்லாம் ஓய்ந்தன. சிறிதளவு டியூட்டிரியமும் மிகச் சிறிதளவு லித்தியமும் எஞ்சின.

சான்று

விண்மீன்களும் ஹீலியத்தை உருவாக்குகின்றன. ஆதலால் தொடக்க அளவை அறிய, ஆக்சிஜன் மிகக் குறைந்த சிறு விண்மீன் திரள்களை வானியலார் ஆராய்கின்றனர். ஆக்சிஜன் குறையக் குறைய ஹீலியமும் குறைகிறது. ஆனால் ஏறத்தாழ 24 விழுக்காட்டுக்குக் கீழே அது இறங்குவதில்லை. அந்த அடித்தளமே முதல் நிமிடங்களின் எச்சம். டியூட்டிரியத்தின் அளவும் கணக்கோடு பொருந்துகிறது. லித்தியம் மட்டும், பழைய விண்மீன்களில், கணக்கிட்டதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே காணப்படுகிறது. இம்முரண் இன்னும் தீரவில்லை.

தெரிந்து தெளிவோம்

1868 ஆகஸ்டு 18இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த நார்மன் பாக்சன் மசூலிப்பட்டினத்தில் சூரிய ஒளிர்வில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார். அது ஹீலியத்தின் அடையாளம் எனப் பின்னர் தெளிவாயிற்று. 1895இல் வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து ஹீலியத்தைப் பிரித்தெடுத்தார். புவியில் கிடைக்கும் ஹீலியத்தில் பெரும்பகுதி யுரேனியமும் தோரியமும் சிதைவதால் பிறந்தது. நார்த்தாமலையின் கருங்கல்லிலும் அவ்வாறு சிறிதளவு ஹீலியம் தோன்றிக்கொண்டே உள்ளது. திருவிழாவில் விற்கும் ஹீலியப் பலூனில் இருப்பது பெரும்பாலும் பாறையில் பிறந்த வாயுவே. அருகில் விற்கும் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனே அண்டத்தின் முதல் நொடியைச் சேர்ந்தது.

கற்பவை கற்றபின்

1. நியூட்ரான் சிதையாத துகளாக இருந்திருந்தால் ஹீலியத்தின் அளவு கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? காரணம் கூறுக.
2. நியூட்ரான், புரோட்டான் விகிதம் 1 : 9 எனக் கொண்டு ஹீலியத்தின் நிறை விழுக்காட்டைக் கணக்கிடுக.
3. பலூனில் உள்ள ஹீலியமும் சூரியனில் உள்ள ஹீலியமும் தோற்றத்தில் எவ்வாறு வேறுபடுகின்றன?