"ஆமா, ஆனா..." என்று ஒருவர் இழுத்தால்

புராஜெக்டுக்கு சர்வே எடுக்கப் போறீங்களா? ஃபார்ம் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். 300 பேர் பதில் போட்ட பிறகு கேள்வியில் தப்பு தெரிந்தால், எந்த சாஃப்ட்வேராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கல்லூரிப் பேருந்து பற்றி இப்படி மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. பஸ் நேரத்துக்கு வந்து, உட்கார இடமும் கிடைக்கிறதா? (ஆம் / இல்லை)
2. நீங்கள் அடிக்கடி பஸ்ஸைத் தவறவிடுவதுண்டா? (ஆம் / இல்லை)
3. நெரிசலில் மாணவர்கள் படும் அவதியைப் போக்க, கூடுதல் பஸ் வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா? (ஆம் / இல்லை)

பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். இப்போது உங்கள் டீமில் இல்லாத, வேறு வேறு ரூட்டில் வரும் ஆறு பேரைப் பிடியுங்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பதில் தரச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கம் கொடுக்கக் கூடாது. குறிப்பு மட்டும் எடுங்கள். இதுதான் முன்சோதனை.

முதல் கேள்விக்கு ஒருவர், "ஆமா, கரெக்டா வரும், ஆனா நின்னுட்டுத்தான் வரணும்" என்பார். அந்த 'ஆனா'தான் அடையாளம். ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. அவர் 'இல்லை' என்று டிக் அடித்தால், குறை நேரத்திலா, இருக்கையிலா என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வியில் யாரும் திணற மாட்டார்கள். அதனால், "அடிக்கடின்னா உங்களுக்கு எத்தனை தடவை?" என்று நீங்களே கேட்க வேண்டும். ஒருவர் வாரம் மூன்று நாள் என்பார். இன்னொருவர் மாதம் இரண்டு நாள் என்பார். இருவரும் 'ஆம்'தான். "கடந்த 5 கல்லூரி நாட்களில் எத்தனை நாள் பஸ்ஸைத் தவறவிட்டீர்கள்?" என்று மாற்றினால் இந்தத் தெளிவின்மை போய்விடும்.

மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. ஆறு பேருமே யோசிக்காமல் 'ஆம்' என்று சொல்லிவிடலாம். அப்போது, "இதை எழுதினவங்க என்ன பதிலை எதிர்பார்க்கிறாங்கன்னு தோணுது?" என்று கேளுங்கள். "ஆம்னு சொல்லணும்னுதான்!" என்று சிரித்தால், கேள்வி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 'அவதி' என்ற வார்த்தையே பதிலைச் சொல்லிக் கொடுத்துவிட்டது. "உங்கள் ரூட்டில் இப்போது ஓடும் பஸ்களின் எண்ணிக்கை எப்படி?" என்று கேட்டு, 'குறைவு, போதுமானது, அதிகம்' என மூன்று பதில்களையும் சமமாக வையுங்கள்.

திருத்திய கேள்விகளைப் புதிதாக நாலைந்து பேரிடம் மறுபடி சோதியுங்கள். பழைய ஆட்களுக்கு உங்கள் நோக்கம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். இவர்களுடைய பதில்களை முக்கிய டேட்டாவில் சேர்க்க வேண்டாம். எத்தனை சதவீதம் பேர் என்ன நினைக்கிறார்கள் என்பதை இந்தச் சில பேரை வைத்துச் சொல்ல முடியாது. கேள்வி எங்கே உடைகிறது என்பதைச் சொல்லலாம்.