வண்டிக்கு அடியில் தண்ணீர்: ஏ.சி.யா, ரேடியேட்டரா?

கோவில்பட்டியில் வாரக்கணக்கில் ஏ.சி. போட்டு ஓடிய கார், சித்திரை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போய் நின்றதும் மண்டப வாசலில் குளம் கட்டிவிடும். உடனே பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர், "அண்ணாச்சி, ரேடியேட்டர் ஒழுகுது, இப்படியே ஊருக்குப் போயிராதீய" என்பார். பத்துக்கு ஒன்பது தடவை ரேடியேட்டர் ஒழுகவில்லை. எட்டயபுரம் தாண்டியதும் காற்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில் சில்லென்று இருக்கும். அதன் மேல் படும் காற்றிலுள்ள நீராவி தண்ணீராகி, ஒரு சின்ன ரப்பர் பைப் வழியாகக் கீழே சொட்டுகிறது. காற்றில் எவ்வளவு ஈரமோ அவ்வளவு தண்ணீர். கரிசல் காட்டில் மத்தியானம் 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம் என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 14 கிராம் நீராவி இருக்கும். தூத்துக்குடியில் 33 டிகிரியும் 70 சதவீதமும் என்றால் 25 கிராம். காயிலைத் தாண்டி 5 டிகிரியில் வெளிவரும் காற்று 7 கிராம்வரை தன்னோடு வைத்துக்கொள்ளும். மிச்சம்தான் தரையில் விழுவது: இங்கே 7 கிராம், அங்கே 18. அதே கார், அதே ஏ.சி., இரண்டரை மடங்கு தண்ணீர். கோவில்பட்டியிலேயே ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் வீசும்போது இதைப் பார்க்கலாம். உள்காற்று பட்டனைப் போட்டு ஓட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் குறையும். உள்ளே இருப்பவர்களின் மூச்சும் வியர்வையும் கதவிடுக்கில் நுழையும் காற்றும் மட்டும்தானே அப்போது ஈரம் தருகின்றன.

ஆக, தண்ணீர் சொட்டுவது கோளாறு இல்லை. ஆனால் சொட்டுவது அந்தத் தண்ணீர்தானா என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் இடம். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் முன்சீட்டில் இடது பக்கம் உட்காருகிறவரின் கால் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பை ஒட்டி ஏ.சி. தண்ணீர் விழும். வண்டியின் மூக்குக்கு அடியில் என்றால் ரேடியேட்டரைச் சந்தேகப்படுங்கள். சரிவில் நிறுத்தினால் தண்ணீர் ஓடிக் குழப்பும். சமதரையில் நிறுத்திக் குனிந்து பாருங்கள். சைலன்சர் வாயில் காலையில் நாலு சொட்டு விழுந்தால் அதை விட்டுவிடலாம்.

அடுத்தது நிறம் என்பார்கள். பச்சையோ சிவப்போ இருந்தால் கூலன்ட், தெளிவாக இருந்தால் ஏ.சி. என்று. இந்தப் பக்கத்தில் இந்த விதியை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். பழைய வண்டிகளில் ரேடியேட்டரில் கூலன்ட் எங்கே இருக்கிறது? குறையக் குறையப் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி, நிறமெல்லாம் எப்போதோ வெளுத்துப் போயிருக்கும். அது ஒழுகினாலும் தெளிந்த தண்ணீர்தான். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, சொட்டும் இடத்தில் ஒரு டம்ளரை வையுங்கள். தரையில் கிடப்பதை எடுக்காதீர்கள், அதில் மண் கலந்திருக்கும். விரலை வைத்தால் ஏ.சி. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், விரலைத் தேய்த்தால் வழுக்காது. ஓடி நின்ற வண்டியின் ரேடியேட்டர் தண்ணீர் சுடும். ஆவி பறந்தால் கையைக் கொண்டு போகவே வேண்டாம்.

இரண்டாவது சோதனை கரிசல் மண்ணுக்கென்றே அமைந்தது. அந்த டம்ளரிலிருந்து இரண்டு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் வையுங்கள். பக்கத்திலேயே வீட்டுப் போர் தண்ணீரில் இரண்டு சொட்டு. காய்ந்ததும் பாருங்கள். போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் நிற்கும், நம் நிலத்தடி நீரின் உப்பு அது. ஏ.சி. தண்ணீர் ஆவி குளிர்ந்து வந்தது, உப்பு கிடையாது. காய்ந்தால் தடமே இருக்காது, மிஞ்சினால் லேசான தூசி. வெள்ளை வளையமோ துருக்கறையோ விழுந்தால் அது ரேடியேட்டர் தண்ணீர். (உப்பில்லாத தண்ணீர்தானே என்று பிடித்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. காயிலின் உலோகத்தையும் அழுக்கையும் கழுவி வருவது அது. செடிக்கு ஊற்றுங்கள், பேட்டரிக்கு வேண்டாம்.)

மூன்றாவது, மறுநாள் காலை எஞ்சின் நன்றாக ஆறியபின் கூலன்ட் டப்பாவில் மட்டம் எங்கே நிற்கிறது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். ஏ.சி. போடாமல் அன்று ஓட்டுங்கள். அதற்கடுத்த காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது, பட்டறைக்குப் போகலாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

வழுக்குகிற, லேசாக மஞ்சள் ஓடிய திரவம் சக்கரத்துக்கு உள்பக்கம் வழிந்திருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள்.

இனி நான் அதிகம் பார்க்கும் தொல்லைக்கு வருகிறேன்: தண்ணீர் வெளியே வராதது. ஆனி, ஆடி மேல்காற்றில் கரிசல் புழுதி ஏ.சி. ஃபில்டரையும் தாண்டி உள்ளே போய், ஈரமான காயிலில் ஒட்டிச் சேறாகி, டிரெயின் பைப்புக்கு இறங்குகிறது. மழைக்காலத்தில் அடியிலிருந்து அப்பும் களிமண் பைப்பின் வாயை மூடி, காய்ந்ததும் கல்லாகிவிடும். அப்புறம் தண்ணீர் இடது பக்க மேட்டுக்கு அடியில் தேங்கும். வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் சளக் சளக் என்று சத்தம், ஏ.சி. போட்டதும் முக்கல் வாடை. மேட்டைத் தூக்கிக் கையை வைத்தால் நனையும். நனைந்தது இனிப்பு வாடையோடு பிசுபிசுத்தால் அது ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட், பட்டறை வேலை. வெறும் தண்ணீர் என்றால் நீங்களே பார்க்கலாம்.

எஞ்சினை நிறுத்தி, சைலன்சர் குழாய் ஆறியபின் அடியில் அந்த ரப்பர் பைப்பைத் தேடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். பைப்பின் வாயை இரண்டு விரலால் பிசைந்து விடுங்கள். பாதி வண்டிகளில் களிமண் கட்டி உதிர்ந்து, தண்ணீர் மடமடவென்று கொட்டும், முகத்தைத் தள்ளி வையுங்கள். கொட்டவில்லையென்றால் வளையும் பிளாஸ்டிக் ஒயரை நாலைந்து விரற்கடை மட்டும் நுழைத்துச் சுழற்றுங்கள். சைக்கிள் கம்பியை விட்டுக் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். காயில் மெல்லிய அலுமினியம், ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும், டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும். பஞ்சர் கடை ஏர் பைப்பை முழு வேகத்தில் வைத்து அடிக்கவும் விடாதீர்கள், உள்ளே பைப் கழன்றுகொள்ளும்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பதில் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. வறண்ட மத்தியானத்தில் நல்ல பைப்பிலும் ஒன்றும் சொட்டாமல் போகலாம். அதற்கு ஒரு வழி: துண்டை நனைத்துப் பிழிந்து பின்சீட்டில் விரியுங்கள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்று பட்டனைப் போட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்து ஏ.சி.யை ஓட விடுங்கள். துண்டின் ஈரம் காயிலுக்குப் போய்க் கீழே இறங்க வேண்டும். அரை மணி ஆகியும் அடியில் ஒரு சொட்டு இல்லை, இடது மேட்டுக்கு அடியில் மறுபடி நனைகிறது என்றால் அடைப்பு மேலே, காயில் பெட்டிக்குள் இருக்கிறது. அது ஏ.சி. மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய வேலை.