பொருள் சேர்ந்த பின் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

தெற்கு டெல்லியில், ஐ.என்.ஏ. சந்தைக்கு அருகிலுள்ள கிழக்குக் கிட்வாய் நகரில், பழைய அரசுக் குடியிருப்புகள் இருந்த இடத்தில் இன்று பல மாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. அத்தகைய கட்டடம் ஒன்றில், வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மே மாதத்தில் அவருக்கு வரும் ஆர்டர்கள் குறைகின்றன. எவரும் குறை கூறவில்லை. சிலர் மீண்டும் வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டனர். காரணத்தை அவர் எவ்வாறு கண்டறியலாம் என்பதைப் படிப்படியாகக் காண்போம். இங்குள்ள எண்கள் விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவை.

எப்போது கேட்பது?

மாவுப் பை வீடு சேர்ந்த உடனே கேட்டால், வந்து சேர்ந்ததைப் பற்றி மட்டுமே பதில் கிடைக்கும். தோசை மறுநாள் காலையில்தான் வார்க்கப்படுகிறது. ஆகவே மறுநாள் முற்பகலில் கேட்பதே பொருத்தம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், எந்த மாவு எப்படி இருந்தது என்பது நினைவில் நில்லாது. பொருள் பயன்பட்ட பின்னும், நினைவு மங்குவதற்கு முன்னும் உள்ள இடைவெளியே உரிய நேரம்.

எதைக் கேட்பது?

"எங்கள் மாவும் சேவையும் நன்றாக இருந்தனவா?" என்ற கேள்வியால் பயனில்லை. அதில் இரண்டு கேள்விகள் கலந்துள்ளன. "நன்று" என்னும் பதிலையும் அதுவே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. நடந்ததைக் கேட்பதே நல்லது. நமது விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் மூன்று கேள்விகளை அனுப்புகிறார்.

1. பையைப் பெற்றுக்கொண்டவர் யார்? வீட்டார் / வாயிற்காவலர்
2. காலையில் மாவின் புளிப்பு எப்படி இருந்தது? குறைவு / சரி / அதிகம்
3. ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?

அரைத்த நாள், அனுப்பிய நேரம் ஆகியவை அவருடைய குறிப்பேட்டிலேயே உள்ளன. நமக்குத் தெரிந்ததை வாடிக்கையாளரிடம் கேட்டு, அவருடைய பொறுமையைச் செலவழிக்கலாகாது.

பதில்களைப் பிரித்துப் பார்த்தல்

இரண்டு வாரங்களில் 60 வீடுகளுக்குக் கேள்விகள் சென்றன. 24 வீடுகளிலிருந்து பதில் வந்தது. அவற்றுள் 9 பேர் புளிப்பு அதிகம் என்றனர். இந்த எண்ணோடு நின்றிருந்தால், மாவைப் புளிக்க வைக்கும் நேரத்தை அவர் குறைத்திருப்பார். அது தவறாகியிருக்கும்.

முதல் கேள்வியின்படி பதில்களைப் பிரித்ததும் உண்மை தெரிந்தது. வீட்டார் நேரில் பெற்ற 14 பைகளில் 1 மட்டுமே புளித்திருந்தது. காவலரிடம் விடப்பட்ட 10 பைகளில் 8 புளித்திருந்தன. மாலை 4 மணிக்கு வந்த பை, அலுவலகம் சென்றவர் 7 மணிக்குத் திரும்பும் வரை டெல்லியின் மே மாத வெப்பத்திலேயே கிடந்திருக்கிறது. குறை மாவில் இல்லை, காத்திருப்பில் இருந்தது. புளிக்கும் நேரத்தைக் குறைத்திருந்தால், நிறைவோடு இருந்த வாடிக்கையாளர்களுக்குச் சரியாகப் புளிக்காத மாவு போயிருக்கும்.

பதில் தராதவர்கள்

பதில் தராத 36 பேரின் மௌனத்தை நிறைவு என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுள் வாங்குவதை நிறுத்திய ஐவரிடம் அவர் தொலைபேசியில் பேசினார். மூவர் கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தனர். இருவர் புளிப்பின் காரணமாகக் கடை மாவுக்கு மாறியிருந்தனர். ஆர்டர் குறைவு முழுவதற்கும் மாவே காரணம் அன்று என்பதும் இதனால் தெளிவாயிற்று.

மீண்டும் ஒருமுறை கேட்டல்

மாலை நேர விநியோகத்தை 7 மணிக்குப் பின் மாற்றிவிட்டு, ஜூன் முற்பகுதியில் அதே கேள்விகளை அவர் மீண்டும் அனுப்பினார். 22 பதில்களில் 3 மட்டுமே புளிப்பு அதிகம் என்றன. வெயில் தணியாத நிலையிலேயே இம்முன்னேற்றம் கிடைத்ததால், மாற்றம் பலன் தந்தது எனக் கொள்ளலாம். மழை தொடங்கிய பின் கேட்டிருந்தால், பலன் நேரமாற்றத்தால் வந்ததா, குளிர்ச்சியால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. எனினும் இத்துணைச் சிறிய எண்ணிக்கையில் ஓரிரு பதில்களின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

நல்ல மதிப்பீடு தந்தால் தள்ளுபடி என்று அறிவிக்காதீர்கள். பாராட்டு பெருகும், உண்மை மறையும். அடுத்து, கேள்விகளை இணைப்பு வழியாக அனுப்பாமல், செய்தியிலேயே எழுதி அனுப்புங்கள். அறிமுகமில்லாத இணைப்புகளைத் திறக்க வேண்டாம் என்று நம் வாடிக்கையாளர்களை நாம் தொடர்ந்து எச்சரித்து வருகிறோம். அந்த எச்சரிக்கையை மதிப்பவர் உங்கள் இணைப்பையும் திறக்கமாட்டார். கருத்துக் கேட்கும் எந்தச் செய்தியிலும் ஓ.டி.பி., யு.பி.ஐ. பின், கார்டு விவரம் ஆகியவற்றுக்கு இடமே இல்லை. அவற்றைக் கேட்டு வரும் செய்தி எந்தக் கடையின் பெயரில் வந்தாலும், பதில் அளிக்காதீர்கள்.