ஒரு பத்தி, ஒரு படம், ஒரே ஸ்லைடு: புழுங்கல் அரிசியை வைத்து ஒரு செய்முறைப் பாடம்

அரிசி ஆலைத் தொழிலாளர்களுக்கான பயிற்சி வகுப்புக்கு ஸ்லைடு தயாரித்தபோது என் கையில் இருந்தது இந்தப் பத்திதான்:

“நெல் முதலில் தூசி, கல், வைக்கோல் நீக்கிச் சுத்தம் செய்யப்படுகிறது. பிறகு 70 டிகிரி வெந்நீரில் மூன்றரை மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஆவியில் அவிக்கப்படுகிறது. அவித்த நெல் ஈரப்பதம் 14 சதவீதமாகக் குறையும்வரை காயவைக்கப்பட்டு, ரப்பர் ரோல் இயந்திரத்தில் உமி நீக்கப்படுகிறது. உமி நீங்காத நெல் பிரிக்கப்பட்டு மீண்டும் அதே இயந்திரத்துக்கு அனுப்பப்படுகிறது. அரிசியைத் தீட்டும்போது தவிடு கிடைக்கிறது. கடைசியில் குருணை பிரிக்கப்பட்டு முழு அரிசி மூட்டை கட்டப்படுகிறது. ஊறவைக்கவும் அவிக்கவும் காயவைக்கவும் தேவையான ஆவி, உமியை எரிக்கும் பாய்லரிலிருந்து வருகிறது.”

பத்தியில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இதை அப்படியே ஸ்லைடில் ஒட்டினால் பின்வரிசையில் இருப்பவருக்கு எழுத்து தெரியாது. முன்வரிசையில் இருப்பவர் படித்து முடிப்பதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். இதை ஒரே படமாக மாற்றியபோது எதைச் செய்ய வேண்டியிருந்தது, எதைத் தவிர்க்க வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள், பிறகு எண்ணுங்கள். கணினியைத் திறக்கும் முன், தாளில் பென்சிலால் செய்ய வேண்டிய வேலை இது. இந்தப் பத்தியில் சுத்தம் செய், ஊறவை, வடி, அவி, காயவை, உமி நீக்கு, பிரி, தீட்டு, குருணை பிரி, மூட்டை கட்டு, எரி என்று 11 வினைகள் இருக்கின்றன. 11 பெட்டிகள் ஒரு ஸ்லைடுக்கு அதிகம். நீரை வடிப்பது ஊறவைத்த அதே தொட்டியில் நடப்பதால் அதை ஊறவைத்தலோடு சேர்த்துவிட்டேன். மூட்டை கட்டுவதில் அரிசி மாறுவதில்லை; ஆகவே அது பெட்டியாகாமல், கடைசி அம்புக்குறியின் நுனியில் ஒரு சொல்லாக நின்றது. மீதி நெல் போகும் வழியில் எட்டுப் பெட்டிகள், பாய்லருக்கு ஒன்று, ஆக ஒன்பது. பொருள் மாறும் இடத்துக்கு மட்டும் பெட்டி கொடுத்தால் எண்ணிக்கை தானாகக் குறையும்.

பெட்டிக்குள் செயலையும் அம்புக்குறியின் மேல் பொருளையும் எழுதுங்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நான் பார்க்கும் செயல்முறைப் படங்களில் பாதிக்கு மேல் குழம்புவது இந்த இடத்தில்தான். முதல் பெட்டியில் ‘நெல்’, அடுத்ததில் ‘ஊறவைத்தல்’, அதற்கடுத்ததில் ‘அவித்த நெல்’, பிறகு ‘டிரையர்’ என்று எழுதிவிடுவார்கள். பொருள், செயல், நிலை, இயந்திரம் நான்கும் ஒரே வடிவப் பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அப்போது அம்புக்குறிக்கு என்ன பொருள்? ‘இது அதுவாக மாறுகிறது’ என்பதா, ‘இதன் பிறகு அதைச் செய்’ என்பதா, ‘இது அதற்குள் போகிறது’ என்பதா? பார்ப்பவருக்குத் தெரியாது.

என் படத்தில் பெட்டிகள் எல்லாம் செயல்கள்: சுத்தம் செய், ஊறவை, அவி, காயவை. அவற்றுக்கு இடையே ஓடும் அம்புக்குறிகளின் மேல் ‘சுத்தமான நெல்’, ‘ஊறிய நெல்’, ‘அவித்த நெல்’ என்று பொருளின் நிலை. இப்படிச் செய்தவுடன் பத்தியின் ஓட்டைகளும் தெரியவந்தன. ‘70 டிகிரி’ என்று எழுதப் போனபோது அதை எங்கே எழுதுவது என்ற கேள்வி வந்தது. உள்ளே வரும் வெந்நீரின் சூடா, நெல்லும் நீரும் கலந்தபின் தொட்டியில் இருக்கும் சூடா? இரண்டும் ஒன்றல்ல. குளிர்ந்த நெல்லின் மேல் ஊற்றும் நீர் ஏறக்குறைய 85 டிகிரியில் இருந்தால்தான் கலந்தபின் 70 டிகிரி கிடைக்கும். பத்தியில் ‘70 டிகிரி வெந்நீர்’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோகலாம். படத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஆலையில் கேட்டு உறுதிசெய்த பிறகு, ‘70°C, 3½ மணி’ என்பதை ஊறவை என்ற பெட்டிக்குள் எழுதினேன்.

கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். பத்தி சொல்லப்படும் வரிசை வேறு, வேலை நடக்கும் வரிசை வேறு. பாய்லர் இந்தப் பத்தியின் கடைசி வரியில்தான் வருகிறது. ஆலையிலோ ஆவி இல்லாமல் இரண்டாவது வேலையே தொடங்காது. நான் முதலில் போட்ட படத்தில் பாய்லர் மூட்டைக்குப் பக்கத்தில், வலது கடைக்கோடியில் இருந்தது. பாய்லரில் வேலை பார்த்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “ஏங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்குங்க அடுப்பு மூட்டறோம்?” என்று கேட்டார். அவர் கேட்டது சரி. வாக்கியங்களின் வரிசையை நான் பெட்டிகளின் வரிசையாக்கிவிட்டிருந்தேன். ‘இதற்கு முன்’, ‘மீண்டும்’, ‘அதே’, ‘இதற்குத் தேவையான’ போன்ற சொற்களைப் பத்தியில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நேர்வழியை விட்டு விலகும் ஓர் அம்புக்குறி.

கோடுகள் ஒன்றையொன்று வெட்டாத இடவமைப்பைத் தேடுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எட்டுப் பெட்டிகளை இரண்டு வரிசையாக, நான்கு நான்காக வைக்க வேண்டும். வழக்கப்படி இரண்டாவது வரிசையையும் இடமிருந்து வலமாக வைத்துப் பார்த்தேன். மேல் வரிசையின் வலக்கோடியில் இருக்கும் ‘காயவை’யிலிருந்து கீழ் வரிசையின் இடக்கோடிக்கு ஒரு நீண்ட கோடு போனது. உமியைப் பாய்லருக்குக் கொண்டுபோகும் கோட்டை அது வெட்டியது.

பிறகு கீழ் வரிசையை வலமிருந்து இடமாகத் திருப்பினேன். ‘உமி நீக்கு’ என்ற பெட்டி ‘காயவை’க்கு நேர் கீழே வந்தது, ஒரு சின்ன அம்புக்குறி போதுமானது. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, மையத்தில் பாய்லர். உமி வலப்பக்கத்திலிருந்து அதற்குள் வருகிறது. பாய்லரிலிருந்து ஊறவை, அவி, காயவை மூன்றுக்கும் மேல்நோக்கி ஆவிக் கோடுகள். உமி நீங்காத நெல் ‘பிரி’யிலிருந்து கீழே வளைந்து ‘உமி நீக்கு’க்குத் திரும்புகிறது. தவிடும் குருணையும் கீழ் ஓரத்தில் வெளியேறுகின்றன. ஒரு கோடுகூட இன்னொன்றை வெட்டவில்லை. கீழ் வரிசையை வலமிருந்து படிப்பது நமக்குப் பழக்கமில்லாதது என்பது உண்மை. அதனால் பெட்டிகளின் மூலையில் 1 முதல் 8 வரை எண் போட்டேன். வெட்டும் கோட்டைவிட எண்ணைப் பின்தொடர்வது எளிது.

தமிழ்ச் சொல்லின் நீளத்துக்கு இடம் விடுங்கள். அகலத்திரை ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம். நான்கு பெட்டிகளுக்குத் தலா 5 செ.மீ. கொடுத்தால் இடைவெளி மூன்றுக்கும் தலா 3.7 செ.மீ. கிடைக்கும், ஓரங்களிலும் கொஞ்சம் மிஞ்சும். ‘சுத்தமான நெல்’ என்பதை 18 புள்ளி அளவில் இரண்டு வரியாக அம்புக்குறியின் மேல் வைக்க அது போதும். பெட்டியைப் பெரிதாக்கி இடைவெளியைக் குறைத்தால் அம்புக்குறிக்குப் பெயர் எழுத இடம் இருக்காது. கடைசியில் பெயரே விடுபட்டுப்போகும்.

பெட்டியோடு ஒட்டும் கோட்டையே பயன்படுத்துங்கள். பவர்பாயிண்டில் `Insert` → `Shapes` பட்டியலில் உள்ள `Connector: Elbow Arrow` கோட்டின் நுனியைப் பெட்டியின் ஓரப்புள்ளியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெட்டியை எங்கே நகர்த்தினாலும் கோடு கூடவே வரும். இடவமைப்பை நாலைந்து முறை மாற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இது இல்லாமல் முடியாது.

செய்யக்கூடாதவை

தயார் வடிவத்தை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். `SmartArt` பட்டியலில் இருக்கும் நேர்வரிசை அம்புகள் பார்க்க அழகாக இருக்கும். அதில் புழுங்கல் அரிசியைப் போட்டால் திரும்பிப் போகும் நெல்லுக்கு இடமில்லை. உமி பாய்லருக்குப் போவதற்கும் இடமில்லை. வட்டச் சுழற்சி வடிவத்தில் போட்டால் மூட்டை அரிசி மறுபடி நெல்லாகும்.

‘வரை’, ‘பிரி’ என்று வரும் இடத்திலெல்லாம் சாய்சதுரம் போடாதீர்கள். சாய்சதுரம் என்றால் ஆம் அல்லது இல்லை. இரண்டில் ஒரு வழிதான். நெல்லும் அரிசியும் பிரியும் இயந்திரத்தில் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் சரக்கு போய்க்கொண்டிருக்கிறது. அது கேள்வியல்ல, கிளை. ஒரு சாதாரணப் பெட்டியிலிருந்து இரண்டு அம்புக்குறிகள் கிளம்பினால் போதும். ‘14 சதவீதம் வரை காயவை’ என்பதற்கும் சாய்சதுரம் வேண்டாம். வெளியே வரும் அம்புக்குறியின் மேல் ‘காய்ந்த நெல், ஈரம் 14%’ என்று எழுதினால், அந்த நிலை வந்தால்தான் அடுத்த இடத்துக்குப் போகும் என்பது புரிந்துவிடும்.

ஆவியையும் அரிசியையும் ஒரே மாதிரிக் கோட்டில் காட்டாதீர்கள். சரக்கு போகும் கோடு முழுக்கோடு, ஆவி போகும் கோடு விட்டுவிட்டு வரும் கோடு. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் வகுப்பில் இருக்கலாம். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் நிறம் போய்விடும்.

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைக்காதீர்கள். பத்தியில் ‘குருணை’ என்று இருந்தால் படத்தில் ‘நொய்’ ஆக வேண்டாம். எழுத்தில் சொல் மாற்றிச் சொல்வது நயமாக இருக்கலாம். படத்தில் இரண்டு பெயர் என்றால் இரண்டு பொருள்.

படத்துக்குக் கீழே பத்தியை வைக்காதீர்கள். விட்டுவிட மனம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டும் இருந்தால் கண் எழுத்துக்குத்தான் போகும். பத்தியை ஸ்லைடின் குறிப்புப் பகுதியில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லுங்கள்.

பத்தி தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்க்காதீர்கள். அவர் படத்தில் இல்லாததையும் படித்துவிடுவார். நான் பத்தியைப் பார்க்காத ஒருவரிடம் படத்தைக் கொடுத்து, “இதைப் பார்த்து எனக்குச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்டேன். ஐந்தாவது பெட்டி வரை தடையில்லாமல் சொன்னார். ஆறாவதில் விரல் நின்றது. திரும்பிப் போகும் கோட்டின் மேல் நான் ‘நெல்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். “அரிசியான பிறகு இங்க நெல்லு எப்படி வந்துச்சு?” என்றார். அந்தக் கோட்டின் மேல் ‘உமி நீங்காத நெல்’ என்று மாற்றி எழுதி, மறுநாள் வேறொருவரிடம் கொடுத்தேன். அவர் விரல் அங்கே நிற்கவில்லை.