எட்டாவது காபியில் கேட்ட கேள்வி

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பழைய சிஎன்சி லேத்தை வாங்கிப் போட்டு ஜாப் ஆர்டர் செய்ய ஆரம்பித்த முதல் வருடம். கொடிசியா வளாகத்தில் நடந்த கண்காட்சியில் ஒரு பம்பு கம்பெனியின் பர்சேஸ்காரர் அறிமுகமானார். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்து, "வாங்க தம்பி, ஒரு காபி சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றார். அடுத்த ஏழு மாதத்தில் எட்டுத் தடவை அப்படிப் பேசினோம். ஸ்டீல் விலை, கரண்ட் கட், அவர் மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் பேசினோம். ஒவ்வொரு தடவையும் "உங்களுக்கு ஏதாச்சும் பண்ணணும் தம்பி" என்று சொல்லித்தான் எழுந்து போவார். ஒரு ட்ராயிங்கூட என் கைக்கு வரவில்லை.

இப்போது புதிதாக ஷெட் போட்டிருக்கும் தம்பிகள் என்னிடம் வந்து இதே கதையைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதை வரிசையாக எழுதுகிறேன்.

1. காபியின் உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்.

பில் நாற்பதோ ஐம்பதோதான் வரும், அது பெரிதில்லை. அன்று என் ஷெட்டில் செட்டிங் போடுகிறவனும் ஆபரேட்டரும் நானேதான். நான் வெளியே போனால் மெஷின் நிற்கும். போக, காத்திருக்க, பேச, திரும்ப என்று ஒரு சந்திப்புக்கு மூன்று மணி நேரம் ஆகும். என் மெஷினுக்கு அப்போது மணிக்கு 400 ரூபாய் ரேட். எட்டு சந்திப்புக்கு 24 மணி நேரம், அதாவது 9,600 ரூபாய். வங்கித் தவணை கட்டப் பணம் தேடிய ஒரு மாதக் கடைசியில்தான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் முதல் வாரமே போடுங்கள். வெறுமனே பேச்சுக்கு எத்தனை தடவை போகலாம் என்பதற்கு உங்களிடம் ஓர் எண் இருக்க வேண்டும். ஒருவருக்கு மூன்று தடவை என்று நான் வைத்திருக்கிறேன்.

2. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு தாளோ, ஒரு பெயரோ, ஒரு தேதியோ கேளுங்கள்.

"ஆர்டர் கொடுங்க" என்று கேட்டால் அவரால் உடனே பதில் சொல்ல முடியாது. "பாக்கலாங்க" என்றுதான் சொல்வார். ஆர்டருக்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. ட்ராயிங் வர வேண்டும், நாம் ரேட் கொடுக்க வேண்டும், சாம்பிள் போட வேண்டும், குவாலிட்டி அதை அளந்து பாஸ் செய்ய வேண்டும், வெண்டார் கோடு போட வேண்டும், அதன் பிறகுதான் சின்னதாக ஒரு ட்ரயல் ஆர்டர். அடுத்த ஒரு படியை மட்டும் கேளுங்கள். "உங்ககிட்ட ஓடுற ஷாஃப்ட் ட்ராயிங் ஒண்ணு கொடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள ரேட் தர்றேன்" என்று கேட்கலாம். "குவாலிட்டியில யாரைப் பாக்கணுங்க?" என்று பெயர் கேட்கலாம். "வெண்டார் ஃபார்ம் ஒண்ணு அனுப்பிவிடுங்க, ஜிஎஸ்டி சான்றும் கேன்சல் செய்த செக்கும் வெச்சு நாளைக்கே கொடுத்திடறேன்" என்று கேட்கலாம். அவர் பக்கம் ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்தை அவர் செலவழிக்கிறாரா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. வாயால் சொல்லும் நல்ல வார்த்தையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதல் சந்திப்பில் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவதில் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

3. அவர் ஏன் நகரவில்லை என்று கண்டுபிடியுங்கள்.

எட்டாவது காபியில் நான் கேட்டேன்: "அண்ணா, எனக்கு ஒரு ட்ராயிங் வெளியே வரணும்னா யாரோட கையெழுத்து வேணுங்க?" அவர் டம்ளரை டபராவில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "எனக்கு அந்தப் பவர் இல்லீங்க தம்பி. நான் இருக்கிற வெண்டாருக்கு ஷெட்யூல் போடறவன். புது வெண்டார் எடுக்கறது டெவலப்மெண்ட்ல இருக்கிறவர்." அவர் என்னை ஏமாற்றவில்லை. தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். நானும் அதுவரை கேட்கவில்லை. அங்கேயே அந்த டெவலப்மெண்ட் இன்ஜினீயருக்குப் போன் போட்டு என் பெயரைச் சொன்னார். நான்காம் நாள் ட்ராயிங் வந்தது.

நகராதவர்களில் முதல் வகை இது. "மேல பேசணும்" என்று அடிக்கடி சொல்வார், மேலே யார் என்று மட்டும் சொல்ல மாட்டார். அவரிடம் ஆர்டர் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள். அதுவும் அவர் மனம் நோகாதபடி, "உங்களைத் தாண்டிப் போறதா நினைச்சுக்காதீங்க, நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்று கேளுங்கள்.

இரண்டாவது வகை, இப்போதைக்குத் தேவை இல்லாதவர். பழைய வெண்டார் ஒழுங்காகச் சப்ளை செய்துகொண்டிருப்பார். அந்த வெண்டார் என்றைக்காவது கைவிட்டால் ஆள் வேண்டுமே என்று இவர் உங்களைக் கையில் வைத்திருப்பார். "சாம்பிளை மட்டும் இப்பவே பாஸ் பண்ணி வெச்சுக்கோங்க, அவசரம்னா ஒரு வாரத்துல சப்ளை தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் அது வேலைக்கு ஆகும் தொடர்பு. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு போன் போதும், காபி வேண்டாம்.

மூன்றாவது வகைக்குத் தனியாக எழுத வேண்டும்.

4. உங்கள் ரேட்டை வேறு ஆளுக்குச் சுமந்து கொடுக்காதீர்கள்.

சிலருக்கு நீங்கள் வேண்டாம், உங்கள் விலைதான் வேண்டும். அதை வைத்துப் பழைய வெண்டாரிடம் பேரம் பேசுவார்கள். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ட்ராயிங் கொடுப்பார், மாதம் எத்தனை பீஸ் என்று சொல்ல மாட்டார். "மெட்டீரியல் எவ்வளவு, ஒரு பீஸுக்கு எத்தனை நிமிஷம், கழிவு எவ்வளவு, பிரிச்சுச் சொல்லுங்க" என்பார். ரேட் கொடுத்த பிறகு இரண்டு மாதம் சத்தமே இருக்காது. பிறகு இன்னொரு ட்ராயிங்கோடு காபிக்குக் கூப்பிடுவார்.

எனக்கு இப்படி ஒருவர் வாய்த்தார். மூன்று ட்ராயிங்குக்குப் பைசா வரை பிரித்து எழுதிக் கொடுத்தேன். நான்காவது மாதம், அந்தக் கம்பெனிக்கு வழக்கமாகச் செய்துகொண்டிருந்த பக்கத்துத் தெரு ஷெட்காரர் வருத்தத்தோடு வந்து சொன்னார், "உங்க ரேட்டைக் காட்டித்தாங்க என்னைக் குறைக்கச் சொன்னாங்க." அவருக்கும் வருமானம் போனது, எனக்கும் வேலை வரவில்லை. அன்றிலிருந்து மாத அளவு எழுதாத ட்ராயிங்குக்கு நான் ரேட் போடுவதில்லை. போட்டாலும் ட்ராயிங் நம்பரைக் குறிப்பிட்டு, ஒரு பீஸுக்கு மொத்த ரேட் மட்டும், 15 நாள் கெடு வைத்து எழுதுவேன். பிரித்துக் கேட்டால், "ட்ரயல் ஆர்டர் போடுங்க, உக்காந்து பேசிக்கலாம்" என்று சொல்லிவிடுவேன்.

5. சாம்பிளுக்கு வரம்பு வையுங்கள்.

ஆர்டருக்கு ஆசைப்பட்டு, சும்மா இருப்பதற்கு ஒரு சாம்பிள் போட்டுக் கொடுப்போம் என்று தோன்றும். ட்ராயிங் இல்லாமல், "இதே மாதிரி ஒண்ணு" என்று பழைய பீஸைக் காட்டிக் கேட்டால் செய்யாதீர்கள். தேய்ந்த பீஸை அளந்து செய்தால் எந்த அளவுக்கு யார் பொறுப்பு என்றே தெரியாது. முதல் சாம்பிளை இலவசமாகக் கொடுக்கலாம், ஆனால் அதோடு ஒரு தேதியைக் கேட்டு வாங்குங்கள்: "எந்தத் தேதிக்குள்ள அளந்து ரிப்போர்ட் தருவீங்க?"

அந்த பம்பு கம்பெனிக்கு நான் 10 ஷாஃப்ட் போட்டுக் கொடுத்தேன். இம்பெல்லர் உட்காரும் இடத்தில் அளவு 25.000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, 24.987க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு பீஸ் 25.004 இருந்ததால் ரிஜெக்ட் ஆனது. எனக்கு வருத்தமே இல்லை. ரிஜெக்ட் ரிப்போர்ட் வருகிறது என்றால் அங்கே யாரோ ஒருவர் மைக்ரோமீட்டரை எடுத்து என் பீஸை அளந்திருக்கிறார். உங்கள் சாம்பிள் பாஸும் ஆகாமல், ரிஜெக்டும் ஆகாமல் ஒரு மாதம் மேஜை டிராயரில் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். இரண்டாவது சாம்பிள் கேட்டால், முதலாவதின் ரிப்போர்ட் வந்த பிறகுதான் என்று சொல்லுங்கள்.

6. காபிக் கடைக்குப் போவதை நிறுத்துங்கள், ஷெட்டுக்குக் கூப்பிடுங்கள்.

மூன்று தடவை ஆகியும் தாளோ பெயரோ தேதியோ வரவில்லையென்றால், அடுத்த அழைப்புக்கு இப்படிச் சொல்லுங்கள்: "கண்டிப்பா பாக்கலாங்கண்ணா. இந்தத் தடவை நீங்க நம்ம ஷெட்டுக்கு வாங்க. மெஷினையும் பாத்துட்டுப் போங்க, காபி இங்கயே சொல்லிடறேன்." இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. வேலை கொடுக்க நினைக்கிறவருக்கு உங்கள் மெஷினைப் பார்ப்பது எப்படியும் தேவை. அவர் வந்து நின்று, அளக்கும் கருவி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்பார். பொழுதுபோக்குக்குக் கூப்பிடுகிறவர் "வர்றேன் வர்றேன்" என்பார், வர மாட்டார். உங்கள் மெஷினும் நிற்காது.

மேலே சொன்ன மூன்று வகையிலும் சேராத சிலர் நகராததற்குக் காரணம் கமிஷன். வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். "மத்தவங்க எல்லாம் பாத்துக்கறாங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒரே பதில்தான் சொல்வேன், "ரேட்டை உங்க கம்பெனிக்கே குறைச்சுத் தர்றேங்க." அதோடு அந்தக் காபிகள் நின்றுவிடும், நிற்கட்டும். ஒரு தடவை கொடுத்தால் ஒவ்வொரு பில்லுக்கும் கொடுக்க வேண்டும். அந்த ஆள் மாறும் நாளில் உங்கள் ஆர்டரும் போய்விடும்.

7. பேச்சுத்துணைக்கு வருகிறவரை விரட்டாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு, அவரால் வேலை வராது, ஆனால் மனிதர் நல்லவர் என்று தெரிந்தால் நட்பை அறுக்க வேண்டியதில்லை. வேலை நேரத்தில் பார்ப்பதை மட்டும் விடுங்கள். "பகல்ல மெஷினை விட்டுட்டு வர முடியலீங்க, ஞாயித்துக்கிழமை காலையில பாக்கலாமா?" என்று சொல்லுங்கள். அந்தச் சந்திப்பில் ஆர்டர் பேச்சை எடுக்காதீர்கள், அவருக்கும் பாரம் குறையும். என் பர்சேஸ்காரரோடு பிறகு பல வருடம் அப்படித்தான் பழகினேன்.

அவர் அறிமுகம் செய்த டெவலப்மெண்ட் இன்ஜினீயரிடமிருந்து, திருத்திக் கொடுத்த சாம்பிள் பாஸான பிறகு, 200 ஷாஃப்டுக்கு ட்ரயல் ஆர்டர் வந்தது. யார் கையெழுத்து வேண்டும் என்ற அந்த ஒரு கேள்வியை நான் ஏழு மாதம் வாயில் வைத்துக்கொண்டே காபி குடித்திருக்கிறேன். நீங்கள் இரண்டாவது காபியிலேயே கேட்டுவிடுங்கள்.