அரிப்பில்லா வீக்கமும் இரத்த அழுத்த மாத்திரையும்



நம் அறவாரியத்தின் அன்னதானக் கூடத்தில், உணவுக்குப் பின் இரத்த அழுத்த மாத்திரையை எடுத்து விழுங்கும் பெரியவர்கள் பலர். அவர்களில் சிலர் உட்கொள்ளும் ஒரு வகை மாத்திரையைப் பற்றியே இக்கட்டுரை. அம்மாத்திரைகளின் பெயர்கள் ‘பிரில்’ என்று முடியும். பெரிண்டோபிரில், எனலாபிரில், லிசினோபிரில், ராமிபிரில் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. இவை நல்ல மருந்துகள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பவை. ஆயினும் ஆயிரம் பேரில் ஒரு சிலருக்கு இவற்றால் உதடு, நாக்கு, தொண்டை ஆகியவை திடீரென வீங்குவதுண்டு. மருத்துவர்கள் இதனை ஆஞ்சியோஎடிமா என்பர்.

இந்த வீக்கம் ஏன் உண்டாகிறது? நம் உடலில் பிராடிகைனின் என்றொரு பொருள் சுரக்கிறது. அது நுண்ணிய இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்து, அவற்றிலிருந்து நீர் கசிய விடும். அதனைச் சிதைத்து அளவோடு வைத்திருக்கும் நொதியைத்தான் ‘பிரில்’ மாத்திரைகள் தடுக்கின்றன. அதனால் சிலருக்குப் பிராடிகைனின் மிகுந்து, தோலின் கீழும் வாயின் உட்புறத்திலும் நீர் கசிந்து வீக்கம் ஏற்படுகிறது. இம்மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைத் தருவதற்கும் இதுவே ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

உணவு ஒவ்வாமையால் வரும் வீக்கத்தை ஹிஸ்டமின் என்னும் வேறொரு பொருள் உண்டாக்குகிறது. அப்போது பெரும்பாலும் உடலெங்கும் அரிப்பும் சிவந்த தடிப்பும் தோன்றும். பிராடிகைனின் வீக்கத்தில் அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. நாம் ஏமாறும் இடம் இதுதான். அரிப்பு இல்லாததால், “இது பெரிதல்ல” என்று இருந்து விடுகிறோம்.

என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். அவர் நான்கு ஆண்டுகளாகத் தினமும் காலையில் பெரிண்டோபிரில் ஒன்று சாப்பிட்டு வந்தார். ஒருநாள் காலை அவருடைய மேலுதடு ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. முதல் நாள் உண்ட கத்தரிக்காய்க் கூட்டுதான் காரணம் என்று வீட்டார் முடிவு செய்தனர். அருகிலிருந்த கிளினிக்கில் ஒவ்வாமைக்கு ஊசி போட்டார்கள். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. ஊசியால் குணமானது என்று அனைவரும் நம்பினர். உண்மையில் இவ்வகை வீக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே வடிந்து விடும். அவர் கத்தரிக்காயை நிறுத்தினார், மாத்திரையைத் தொடர்ந்தார்.

மூன்று வாரம் கழித்து ஓரிரவு அவருடைய நாக்கு தடித்தது. பேச்சு குழறியது, குரல் கம்மியது, எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. அவருடைய மகள் 999-ஐ அழைத்து மருத்துவமனையில் சேர்த்தார். அங்கிருந்த மருத்துவர் உணவைப் பற்றிக் கேட்டதோடு நில்லாமல், “என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?” என்றும் கேட்டார். மகள் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டியதும் காரணம் புலப்பட்டது. மூச்சுக் குழாய் அடைபடுமோ என்று இரவு முழுவதும் கண்காணித்தனர். பெரிண்டோபிரில் நிறுத்தப்பட்டு, அம்லோடிபின் கொடுக்கப்பட்டது. ‘பிரில்’ வகை எதனையும் இனி உட்கொள்ளக் கூடாது என்று அவருடைய மருத்துவப் பதிவிலும் எழுதினர்.

“நான்கு ஆண்டுகள் ஒத்துக்கொண்ட மாத்திரை இப்போதா கெடுக்கும்?” என்று பலர் கேட்கின்றனர். கெடுக்கலாம். இவ்வீக்கம் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும் வரலாம். பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஒருமுறை உதட்டோடு நின்றது, மறுமுறை தொண்டையைப் பற்றலாம். ஒவ்வாமைக்கு வழக்கமாகத் தரும் மருந்துகள் இதற்குச் சரிவரப் பயன்படுவதில்லை. ஆகவேதான் முதல் வீக்கத்திலேயே மாத்திரையை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்கிறேன்.

உதடோ முகமோ வீங்கினால், அடுத்த வேளை ‘பிரில்’ மாத்திரையை விழுங்காமல் அன்றே மருத்துவரைக் காணுங்கள். நாக்கு வீங்கினாலும், குரல் மாறினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும் காத்திராமல் ஆம்புலன்சை அழையுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் உடன் கொண்டு செல்லுங்கள். இரண்டு மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகளிலும் ‘பிரில்’ இருக்கக்கூடும். வணிகப் பெயரில் அது தெரியாது. பெட்டியில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்திய பின்னும் சில வாரங்கள் வரை வீக்கம் மீண்டும் தலைகாட்டலாம். அதனால் மாத்திரை காரணமல்ல என்று எண்ணி மறுபடி தொடங்கிவிடக் கூடாது. அதே வேளையில், இரத்த அழுத்தத்திற்கு மருந்தே இல்லாமல் இருப்பதும் ஆபத்து. மாற்று மருந்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வீக்கம் ஏதுமின்றி ‘பிரில்’ மாத்திரை உட்கொண்டு வருவோர், இதைப் படித்து அஞ்சி அதனை நிறுத்திவிட வேண்டாம். இன்று வீடு திரும்பியதும் மாத்திரைப் பெட்டியில் உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாத நேரத்தில் அத்தாள் உங்களுக்காகப் பேசும்.